பூட்டுப் படம் இருந்தது, முகவரி வேறாக இருந்தது

இந்த முறை ஊருக்குப் போனபோது வீட்டு வேலைகள் பலவற்றையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். கட்டணம் கட்டுவது, முகவரி மாற்றுவது, பழைய இணைப்பைப் புதுப்பிப்பது எல்லாம் இப்போது இணையத்தில்தான். பெரும்பாலும் நன்றாகவே நடந்தது. ஒன்றைத் தவிர. நான் கற்றுக்கொண்டது அந்த ஒன்றில்தான், அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

சித்தி போனை நீட்டினார். “தம்பி, இதுல பூட்டுப் படம் இருக்கு, பக்கமும் அதே மாதிரி இருக்கு. கார்டு நம்பர் போடலாம்தானே?”

மாதக் கட்டணம் நிலுவையில் இருக்கிறது, இன்று இரவு இணைப்பு துண்டிக்கப்படும் என்று குறுஞ்செய்தி வந்திருந்தது. அதிலிருந்த இணைப்பைத் தொட்டு, வாடிக்கையாளர் எண்ணையும் பிறந்த தேதியையும் ஏற்கெனவே போட்டுவிட்டார். அடுத்த பக்கம் கார்டு விவரம் கேட்டு நின்றது. சின்னம், நிறம், எழுத்து எல்லாம் அசல்போலவே இருந்தன. ஒரு பக்கத்தின் தோற்றத்தை அப்படியே நகலெடுப்பது கஷ்டமே இல்லை. நகலெடுக்க முடியாத ஒன்று முகவரிதான்.

அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதன் இடத்தில் `example.com` என்று வைத்துக்கொள்வோம். உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கிய பெயர் அது. அதேபோல மோசடிப் பக்கத்தின் முடிவை `.test` என்று மாற்றியிருக்கிறேன். அந்த முடிவில் யாரும் பெயர் வாங்க முடியாது. மற்றபடி அமைப்பு நான் பார்த்ததேதான்:

```
அசல்: https://pay.example.com/login
போலி: https://pay.example.com-bill.test/login
```

போனின் குறுகிய முகவரிப் பட்டையில் `pay.example.com` வரைதான் தெரிந்தது. சித்தி அதைப் படித்துப் பார்த்திருக்கிறார், சரியாகவே படித்திருக்கிறார். மீதி திரைக்கு வெளியே ஒளிந்திருந்தது. பட்டையைத் தொட்டு, கர்சரைக் கடைசிவரை நகர்த்திய பிறகுதான் முழு வரியும் வந்தது.

இதை எப்படிப் படிப்பது? `https://` என்பதைத் தாண்டியதும் வரும் முதல் சாய்கோட்டைத் தேட வேண்டும். அதற்குப் பின்னால் என்ன எழுதியிருந்தாலும் அது யாருடைய தளம் என்பதற்குச் சாட்சி ஆகாது. நம்பிக்கையான பெயர்களை அங்கே எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். அந்தச் சாய்கோட்டிலிருந்து இடப்பக்கமாக, அதாவது பின்னாலிருந்து முன்னால் படிக்க வேண்டும். முதலில் வருவது முடிவு, இங்கே `test`. அதற்கு முன்னால், புள்ளிக்கு அந்தப் பக்கம் இருப்பதுதான் காசு கொடுத்துப் பதிவு செய்த பெயர். சித்தியின் போனில் அது `com-bill`. ஆக அந்தத் தளத்தின் சொந்தக்காரர் `com-bill.test` என்ற பெயரை வாங்கிய ஆள். அதற்கு இடப்பக்கம் இருக்கும் `pay.example` எல்லாம் அவரே இஷ்டத்துக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. ஒரு பெயரை வாங்கியவர் அதன் முன்னால் எதை வேண்டுமானாலும் வைக்கலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இதில் கண்ணை ஏமாற்றுவது அந்தச் சின்ன இடைக்கோடு. புள்ளி பெயர்களைப் பிரிக்கும். இடைக்கோடு பிரிக்காது, அது பெயருக்குள் ஒரு எழுத்து மாதிரி. `com` என்பதைக் கண்டதும் முகவரி முடிந்துவிட்டது என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அதை ஒட்டி இடைக்கோடு இருந்தால் பெயர் இன்னும் முடியவில்லை. சில நாடுகளில் `co.uk`, `com.au` என்று முடிவே இரண்டு துண்டாக இருக்கும். அங்கே இன்னும் ஒரு புள்ளி இடப்பக்கம் போய் மூன்றாவது துண்டைப் பார்க்க வேண்டும்.

“அப்போ பூட்டு?” என்றார் சித்தி. பூட்டு பொய் சொல்லவில்லை. போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே போகும் தகவலை வேறு யாரும் படிக்க முடியாது என்பதுதான் அதன் அர்த்தம். மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்பது அதற்குத் தெரியாது. பூட்டு வருவதற்கான சான்றிதழ் இலவசமாகவே, சில நிமிடங்களில் கிடைக்கிறது. போலித் தளம் நடத்துபவரும் வாங்குவார். குரோம் உலாவி 2023-ல் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறொரு குறியை வைத்தது. மக்கள் அதை நம்பகத்தன்மைக்கான முத்திரையாக எடுத்துக்கொண்டதும் ஒரு காரணம்.

அன்றிரவு இன்னொரு வகையையும் சித்திக்குத் தாளில் எழுதிக் காட்டினேன், பெயருக்குள்ளேயே ஓர் எழுத்தை மாற்றுவது. `example` என்பதை `exarnple` என்று எழுதினால் சிறிய திரையில் `r`, `n` இரண்டும் சேர்ந்து `m` போலத் தெரியும். சிறிய `l` இருக்க வேண்டிய இடத்தில் எண் `1` வரலாம். இதற்கு நான் செய்வது, முகவரியை நகலெடுத்துக் குறிப்புச் செயலியில் ஒட்டி, பெரிய எழுத்துகளாக மாற்றிப் பார்ப்பது. `EXARNPLE` என்று வந்ததும் குட்டு உடைந்துவிடும். பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் கிடையாது என்பதால் தாராளமாக மாற்றிப் பார்க்கலாம். சுழியத்தையும் `O`-வையும் பிரிக்க மட்டும் சிறிய எழுத்தே மேல்.

வேறு மொழி எழுத்தைக் கலந்தால் கண்ணால் பிடிக்கவே முடியாது. ரஷ்ய மொழியின் `а` ஆங்கில `a` போலவே இருக்கும். 2017-ல் ஓர் ஆய்வாளர் ரஷ்ய மொழி எழுதப்படும் சிரிலிக் எழுத்துகளாலேயே `apple.com` போலத் தெரியும் ஒரு பெயரைப் பதிவு செய்து காட்டினார். சில உலாவிகள் அதை அசல்போலவே காட்டின. அதன் உள் வடிவம் `xn--80ak6aa92e.com`. ஆங்கிலப் பெயருள்ள ஒரு நிறுவனத்தின் முகவரி `xn--` என்று தொடங்கினால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முகவரியைப் படிப்பது ஓர் இடத்தில் குழப்பும், அதையும் சொல்ல வேண்டும். அசல் தளத்திலேயே பணம் கட்டப் போனால் பல நேரம் வேறொரு நிறுவனத்தின் பெயருள்ள பணப்பக்கத்துக்கு அனுப்பும். அது இயல்பு. அதனால் எங்கே தொடங்கினோம் என்பதுதான் முக்கியம். சித்தியிடம் அச்சடித்த பழைய கட்டணச் சீட்டு இருந்தது. அதன் அடியில் இருந்த முகவரியை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டச்சு செய்து உள்ளே போனோம். நிலுவை எதுவுமே இல்லை. மறுநாள் அலுவலகத்துக்கும் நேரில் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா பொறுமையாகப் பதிவைப் பார்த்து அதையே சொன்னார். இப்படிக் குறுஞ்செய்தி போவதைப் பற்றி ஓர் அறிவிப்புகூட அங்கே ஒட்டவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். அதை எழுதியும் கொடுத்துவிட்டு வந்தேன்.

சித்தி கார்டு எண்ணைத் தராததால் பணம் தப்பியது. கொடுத்திருந்தால் கார்டின் பின்பக்கம் இருக்கும் எண்ணுக்கு அழைத்து உடனே முடக்கச் சொல்லியிருப்போம். பிறந்த தேதி போனது போனதுதான். அதைக் கேட்டுச் சரிபார்க்கும் கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றினோம். அவற்றைக் கடவுச்சொல் காப்பகச் செயலியிலும் சேர்த்தோம். தளத்தின் பெயர் அது சேமித்த பெயரோடு பொருந்தினால்தான் தானாக நிரப்பும். வழக்கமாக நிரப்புகிற இடத்தில் சும்மா இருந்தால் முகவரியை மறுபடி பார்க்க வேண்டும்.

நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு இன்னொரு செய்தி வந்தது. சித்தி இணைப்பைத் தொடவில்லை. முகவரியை ஒரு தாளில் பார்த்து எழுதி, முதல் சாய்கோட்டுக்கு மேல் பேனாவால் அழுத்திக் கோடு போட்டு, பின்னாலிருந்து விரலை நகர்த்திக்கொண்டே வந்தார்.

“தம்பி, புள்ளிக்கு இந்தப் பக்கம் இருக்கிறது வேற ஆளோட பேரு.”