டாலர் ஃப்யூச்சர்ஸ்: பண்ருட்டியில முந்திரி ஏத்துமதி பண்ற எனக்கு இத்தனை வருஷத்துல என்ன செஞ்சுது

பண்ருட்டி பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன முந்திரி யூனிட் இருக்கு. உள்ளூர் கொட்டைய வாங்கி உடைச்சு, பருப்பாக்கி, வருஷத்துக்கு நாலஞ்சு ஆர்டர் வெளிநாட்டுக்கு அனுப்புவோம், மிச்சம் இங்கயே போயிடும். 2018 டிசம்பர்லேருந்து டாலர் ஃப்யூச்சர்ஸ் யூஸ் பண்றேன். கடலூர், புதுச்சேரி பக்கம் எக்ஸ்போர்ட் பண்ற நண்பர்கள் சிலர் "அது சூதாட்டம் மாதிரி இல்லையா"ன்னு கேக்கறாங்க, சிலர் யாரோ சொன்னாங்கன்னு உள்ள போய் கைய சுட்டுக்கிட்டு வராங்க. அதான் என் கணக்கயே எழுதறேன்.

ஆரம்பிச்ச காரணம் இது. 2018 அக்டோபர்ல டாலர் 74 ரூபா தாண்டி நின்னுது. அப்ப துபாய் பார்ட்டிகிட்ட 30,000 டாலருக்கு ஆர்டர் எடுத்தேன், பத்திரமா 73.50னு வச்சுதான் காஸ்ட்டிங் போட்டேன். சரக்கு போய், நவம்பர் கடைசில பணம் வந்தப்ப பேங்க் போட்ட ரேட் 69.60. ஒரு டாலருக்கு 3.90 போச்சு, மொத்தம் 1,17,000 ரூபா. பருப்பு நல்ல பருப்பு, டபிள்யூ 320 கிரேடு, ஒரு புகார் இல்ல, பார்ட்டி சொன்ன தேதிக்கு பணம் கட்டினான், கொட்டையும் நல்ல விலைக்குத்தான் வாங்கியிருந்தேன். அப்பாகிட்ட சொன்னப்ப, "எல்லாம் சரியா செஞ்சும் நஷ்டமாடா?"ன்னு கேட்டாரு. அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல.

எங்க ஊர்ல முந்திரித் தோப்ப பூ விடும்போதே குத்தகைக்கு விடுவாங்க, காய்ப்பு கூடினாலும் குறைஞ்சாலும் பேசின தொகை பேசினதுதான். ஃப்யூச்சர்ஸ் விக்கறதும் என் கணக்குல அதேதான். டாலர் இன்னும் என் கைக்கு வரல, ரெண்டு மாசம் கழிச்சு வரும், வரப்போற அந்த டாலருக்கு இன்னைக்கே விலை பேசி முடிச்சுடறேன். என்எஸ்இ பங்குச் சந்தைல USDINRனு டாலர்-ரூபா கான்ட்ராக்ட் இருக்கு, ஒரு லாட் 1,000 டாலர், ஒவ்வொரு மாசத்துக்கும் தனி கான்ட்ராக்ட். இதுல டாலர் கை மாறாது, வித்த விலைக்கும் கடைசி நாள் அதிகாரபூர்வமா அறிவிக்கற ரெஃபரன்ஸ் ரேட்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் ரூபாயா வரும் இல்லன்னா போகும். நெஜ டாலர் வழக்கம்போல என் பேங்க்லதான் வந்து மாறும். டாலர் இறங்கினா பேங்க்ல குறையும், ஃப்யூச்சர்ஸ்ல வரும். ஏறினா பேங்க்ல கூடும், ஃப்யூச்சர்ஸ்ல போகும். ரெண்டையும் சேர்த்தே பாக்கணும், தனித்தனியா பாத்தா பைத்தியம் புடிச்சுடும்.

குத்தகையோட இது ஒத்துப்போகாத இடம் ஒண்ணு இருக்கு, அதுலதான் நான் அடி வாங்கினேன். குத்தகைக்காரன் கடைசிலதான் கணக்கு முடிப்பான், இங்க தினம் சாயங்காலம் கணக்கு முடியும். இன்னைக்கு டாலர் 40 பைசா ஏறினா நாளைக்கு காலைல ஒரு லாட்டுக்கு 400 ரூபா என் புரோக்கர் அக்கவுண்ட்லேருந்து போயிருக்கும். பார்ட்டி பணம் வர இன்னும் ரெண்டு மாசம் இருக்கும், ஆனா இந்தப் பணம் இன்னைக்கே போகும்.

2022 பிப்ரவரி 23 அன்னைக்கு 400 பெட்டிக்கு ஆர்டர் உறுதியாச்சு. பெட்டிக்கு 50 பவுண்டு, பவுண்டு 3 டாலர், ஆக 60,000 டாலர். டாலர் அன்னைக்கு 74.60 பக்கம், காஸ்ட்டிங் 74.50ல போட்டேன். பணம் ஏப்ரல் கடைசில வரும்ங்கறதால ஏப்ரல் கான்ட்ராக்ட் 60 லாட் 75.20க்கு வித்தேன். இன்னைக்கு ரேட்ட விட 60 பைசா கூட எப்படின்னு கேப்பீங்க, நம்ம ஊர் வட்டி அமெரிக்க வட்டிய விட அதிகம், அந்த வித்தியாசம்தான் தள்ளின மாச விலைல ஏறி நிக்குது. ஏத்துமதி பண்றவனுக்கு அது தானா கிடைக்கற வரவு. ஆனா எப்பவும் ஒரே அளவா இருக்காது, 2025ல எல்லாம் ரெண்டு மாசத்துக்கு 30 பைசா கிட்டதான் கிடைச்சுது.

மறுநாள் காலைல உக்ரைன் போர் ஆரம்பிச்சுது. கச்சா எண்ணெய் ஏற ஏற டாலரும் ஏறி, மார்ச் 7 அன்னைக்கு 77 கிட்ட போயிடுச்சு, என் ஏப்ரல் கான்ட்ராக்ட் 77.40. ரெண்டு வாரம் கூட ஆகல, 1,32,000 ரூபா அக்கவுண்ட்லேருந்து போயிருச்சு. விக்கறதுக்கு முன்பணமா புரோக்கர்கிட்ட கட்டின மார்ஜின் லாட்டுக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம்தான், அது கரைஞ்சு, "இன்னைக்குள்ள பணம் போடுங்க, இல்லன்னா நாங்களே முடிச்சுடுவோம்"னு புரோக்கர்கிட்டேருந்து மெசேஜ் மேல மெசேஜ். அது எங்களுக்கு கொட்டை சீசன் தொடங்கற நேரம், தோப்புக்காரங்களுக்கு அட்வான்ஸ் குடுக்கணும், சனிக்கிழமை ஆனா உடைக்கற, தோல் எடுக்கற பொம்பளைங்களுக்கு கூலி குடுக்கணும். அப்பா ஸ்டேட்மென்ட்ட கைல வச்சுக்கிட்டு, "நாம வித்தது முந்திரி, நஷ்டம் எப்படி டாலர்ல வருது தம்பி?"ன்னு கேட்டாரு. நான் பயந்துட்டேன், 20 லாட்ட அந்த 77.40லயே திருப்பி வாங்கி முடிச்சுட்டேன். மிச்சம் 40 லாட் மச்சான் குடுத்த கைமாத்துலதான் நின்னுது.

ஏப்ரல் கடைசில கான்ட்ராக்ட் முடிஞ்ச ரேட் 76.60, அதே சமயத்துல பார்ட்டி பணமும் வந்துது, பேங்க் அவங்க பங்கா 20 பைசா எடுத்துக்கிட்டு 76.40க்கு மாத்தினாங்க, 45,84,000 ரூபா. ஃப்யூச்சர்ஸ்ல போனது, அவசரப்பட்டு முடிச்ச 20 லாட்ல 44,000, நின்ன 40 லாட்ல 56,000, ஆக மொத்தம் ஒரு லட்சம். கைல நின்னது 44,84,000, டாலருக்கு 74.73. காஸ்ட்டிங் 74.50, அதனால ஆர்டர் லாபத்துலதான் முடிஞ்சுது. 60 லாட்டும் கடைசி வரைக்கும் நின்னிருந்தா சரியா 45 லட்சம், டாலருக்கு 75. ஒண்ணுமே பண்ணாம இருந்திருந்தா அந்த 45 லட்சத்த விட இன்னும் 84,000 கூட வந்திருக்குமேன்னு சொல்லலாம், ஆனா பிப்ரவரி 23 அன்னைக்கு அது எவனுக்கும் தெரியாது. எனக்கு வேண்டியது காஸ்ட்டிங் உடையக் கூடாது, அது உடையல.

அதுக்கப்புறம் ஒரு பழக்கம் வச்சுக்கிட்டேன். மார்ஜின் போக, லாட்டுக்கு 3,000 ரூபா, அதாவது டாலர் எனக்கு எதிரா 3 ரூபா நகர்ந்தாலும் தாங்கற அளவு, தனியா எடுத்து வச்சிருந்தாதான் விப்பேன். 60 லாட்டுன்னா 1,80,000. அந்தப் பணம் சும்மா கிடக்கறது வலிக்கும், சீசன் நேரத்துல ரொம்பவே வலிக்கும், ஆனா அது இல்லாம இதுல இறங்கறவங்க மோசமான நாள்லதான் வெளிய வராங்க. அவ்வளவு ஒதுக்க முடியலன்னா 60க்கு பதிலா 30 லாட் வித்து பாதிய மட்டும் காப்பாத்திக்கறது மேல்.

2025ல இதே கணக்கு மறுபக்கம் போச்சு. பிப்ரவரி கடைசில டாலர் 87.40 பக்கம், 40,000 டாலர் ஆர்டருக்கு ஏப்ரல் கான்ட்ராக்ட் 87.70க்கு வித்தேன். சுத்தி இருந்தவங்க எல்லாம் 90 போகும், ஏன் விக்கறன்னாங்க. ஏப்ரல்ல ரூபா மதிப்பு ஏறி, டாலர் 85.20ல முடிஞ்சுது. பேங்க்ல 85.05தான் கிடைச்சுது, ஃப்யூச்சர்ஸ்ல டாலருக்கு 2.50 வந்துது, ஒரு லட்சம் ரூபா. சேர்த்தா 87.55. இத லாபம்னு நான் யாருகிட்டயும் சொல்லிக்கல, 2022ல போன ஒரு லட்சத்துக்கும் இதுக்கும் என் நோட்டுல ஒரே பேருதான்.

அந்த நோட்டுதான் முக்கியம். ஒரு ஆர்டருக்கு ஒரு பக்கம். மேல இன்வாய்ஸ் நம்பர், டாலர் தொகை, பணம் வர வேண்டிய தேதி, காஸ்ட்டிங் ரேட். கீழ எத்தனை லாட், என்ன விலை. பணம் வந்து பேங்க்ல மாத்தற அதே நாள், முடிஞ்சா அதே மணி நேரத்துல, லாட்ட திருப்பி வாங்கி முடிச்சுட்டு பக்கத்துல கோடு போட்டுடுவேன். ஒரு தடவ பார்ட்டி 12 நாள் முன்னாடியே பணம் அனுப்பிட்டான், நான் டாலர மாத்திட்டு, "இன்னும் இறங்கும் போலருக்கே"ன்னு லாட்ட விட்டு வச்சேன். அந்த 12 நாள் என் கைல டாலரே இல்ல, வெறும் பந்தயம் மட்டும்தான் இருந்துது. 9,000 ரூபா போச்சு. தொகை சின்னது, ஆனா இன்வாய்ஸ் இல்லாத ஒவ்வொரு லாட்டும் வேற தொழில்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. ஆர்டர் கேன்சல் ஆனாலும் அதே மாதிரிதான், அன்னைக்கே முடிச்சுடணும். அதனாலதான் வாயால சொன்ன ஆர்டருக்கு நான் விக்கறதே இல்ல, அட்வான்ஸ் வந்தப்புறம்தான்.

மாசம் எடுக்கறதுலயும் தப்பு நடக்கும். கான்ட்ராக்ட் மாசக் கடைசி வேலை நாளுக்கு ரெண்டு வேலை நாள் முன்னாடியே முடிஞ்சுடும். பணம் மே 10 வரும்னா ஏப்ரல் எடுத்தா நடுவுல பத்து நாள் காப்பு இல்ல, மே எடுத்துட்டு நடுவுலயே முடிக்கறதுதான் சரி. பார்ட்டிங்க லேட்டாத்தான் குடுப்பாங்கன்னு வச்சே எடுங்க.

2024ல ஒரு மாத்தம் வந்துது. ரிசர்வ் பேங்க் ஜனவரில ஒரு சர்க்குலர் போட்டாங்க, மே 3லேருந்து நடைமுறைக்கு வந்துது: இந்த கான்ட்ராக்ட் எடுக்கறவங்களுக்கு நெஜமாவே டாலர் வரவோ செலவோ இருக்கணும். 10 கோடி டாலர் வரைக்கும் பேப்பர் காட்ட வேண்டாம், ஆனா இருக்கணும். நம்மகிட்ட இன்வாய்ஸ் இருக்கு, அதனால பிரச்சன இல்ல. ஆனா சும்மா ஆடிக்கிட்டு இருந்தவங்க நிறைய பேர் வெளிய போனதால சந்தைல ஆள் குறைஞ்சுடுச்சு. பக்கத்து மாசத்துல பரவால்ல, மூணு நாலு மாசம் தள்ளிப் போனா வாங்கறவன் விலைக்கும் விக்கறவன் விலைக்கும் இடைவெளி பெருசா இருக்கு. எனக்கு வேண்டிய விலைய லிமிட்டா போட்டு காத்திருந்துதான் விக்கறேன், அப்ப கிடைக்கற விலைக்கு விக்கற மார்க்கெட் ஆர்டர் போடறதே இல்ல.

பேங்க் ஃபார்வர்ட், அதாவது வரப்போற டாலருக்கு பேங்க்கிட்டயே முன்னாடியே ரேட் பேசி வச்சுக்கறது, அதப் பத்தியும் கேக்கறாங்க. உங்க பேங்க் லிமிட் குடுத்து நியாயமான ரேட் போட்டா அதுவே நல்லது, தினம் பணம் போற தொல்லை கிடையாது. எனக்கு சின்ன தொகைன்னு சொல்லி போட்ட ரேட் ரொம்ப கம்மி, ஆர்டர் கேன்சல் ஆனா சார்ஜ் வேற. இங்க விலை ஸ்கிரீன்ல தெரியுது, அதுக்காகத்தான் இருக்கேன்.

ஆப்பிரிக்காவுலேருந்து கொட்டை இறக்குமதி பண்ணி பருப்பா ஏத்துமதி பண்றவங்க மட்டும் என் கணக்க அப்படியே எடுத்துக்காதீங்க. உங்க செலவும் டாலர்லதான். ஒரு லட்சம் டாலருக்கு பருப்பு வித்து, அதே சமயத்துல 70,000 டாலருக்கு கொட்டைக்கு பணம் கட்டப் போறீங்கன்னா, காப்பாத்த வேண்டியது மிச்சம் 30,000 மட்டும்தான். முழுசுக்கும் வித்தீங்கன்னா 70 லாட் உங்களுக்கு எதிராவே நிக்கும்.

போன மாசம் தோப்புக்கார அண்ணன் ஒருத்தர், "கொட்டை விலைக்கு இந்த மாதிரி இல்லையாப்பா, பூ விடும்போதே நானும் பேசி வச்சுப்பேனே"ன்னு கேட்டாரு. முந்திரிக்கு இப்ப அப்படி ஓடற கான்ட்ராக்ட் இல்ல அண்ணேன்னு சொன்னேன். எனக்கும் அதே நிலைமைதான், ஆர்டர் எடுத்தப்புறம் 80 கிலோ மூட்டை விலை ஏறினா டாலர் ஃப்யூச்சர்ஸ் ஒண்ணும் செய்யாது. அதனால இப்பல்லாம் ஆர்டர் உறுதியான அன்னைக்கு டாலர வித்துட்டு, அதே வாரத்துல அந்த ஆர்டருக்கான கொட்டையயும் வாங்கி குடோன்ல அடுக்கிடறேன்.