16 கோடியை விட்டு 14 கோடியை எடுத்த கணக்கு

எங்கள் நிறுவனத்தின் தொடக்க முதலீட்டுச் சுற்றான சீட் சுற்றுக்கு இரண்டு முதலீட்டாளர்கள் டெர்ம் ஷீட், அதாவது முதலீட்டு நிபந்தனைகள் அடங்கிய தாள் அனுப்பினார்கள். இருவரும் தர முன்வந்தது 4 கோடி ரூபாய். முதலீட்டுக்கு முந்தைய மதிப்பாக ஒருவர் 16 கோடி போட்டிருந்தார், மற்றவர் 14 கோடி. என் இணை நிறுவனர் 16-ஐப் பார்த்ததுமே பேனாவைத் தேட ஆரம்பித்துவிட்டார். கடைசியில் நாங்கள் எடுத்துக்கொண்டது 14-ஐத்தான்.

இயக்குநர் குழுவில் இடம், நிறுவனத்தை விற்றால் யாருக்கு முதலில் பணம் என்பவை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. வித்தியாசம் ஈசாப்பில், அதாவது ஊழியர்களுக்கென ஒதுக்கிவைக்கும் பங்குகளில் இருந்தது. 16 கோடித் தாளில் ஒரு வரி: முதலீட்டுக்குப் பிந்தைய பங்குகளில் 15 சதவீதம் ஈசாப், அதுவும் முந்தைய மதிப்புக்குள் அடங்கும். அப்படியென்றால் அந்த 15 சதவீதம் முழுவதும் எங்கள் பங்கிலிருந்தே போகும். முதலீட்டுக்குப் பின் மதிப்பு 20 கோடி. முதலீட்டாளருக்கு 20 சதவீதம், ஈசாப்புக்கு 15, எங்களுக்கு 65. எங்கள் பங்கின் மதிப்பு 13 கோடிதான்.

14 கோடித் தாளில் ஈசாப் 5 சதவீதம். பிந்தைய மதிப்பு 18 கோடி, முதலீட்டாளருக்கு 22.2, எங்களுக்கு 72.8. மதிப்பு 13.1 கோடி. சிறிய எண்தான் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்திருக்கிறது!

‘5 சதவீதம் போதுமா?’ என்ற கேள்வி நியாயமானது. அடுத்த 18 மாதங்களுக்கான ஆட்களை எழுதிப் பார்த்தோம். மூத்த பொறியாளர் இருவருக்குத் தலா 1, விற்பனைத் தலைவருக்கு 1.5, மற்றவர்களுக்கு 1. மொத்தம் 4.5. 15 எதற்கு என்று கேட்டதற்கு முதலாமவர் சொன்ன பதில், ‘வழக்கம்.’

அடுத்த முதலீட்டுச் சுற்றான சீரிஸ் ஏ-யில் வருபவர் ஈசாப்பைக் கூட்டச் சொல்வாரே? அதையும் போட்டுப் பார்த்தோம். புதியவருக்கு 20 சதவீதம், கூடுதல் ஈசாப்புக்கு 8 என்று வைத்தால் எங்கள் 72.8 சுருங்கி 52.4 ஆகிறது. முதல் தாளில் ஈசாப் ஏற்கெனவே பெரிதாக இருப்பதால் 20 மட்டுமே போகும். 65 என்பது 52 ஆகும். ஏறக்குறைய சமம். காரணம், சுற்றுக்குப் பிறகு ஈசாப்பைக் கூட்டினால் சீட் முதலீட்டாளரும் எங்களோடு சேர்ந்து சுருங்குகிறார். முன்கூட்டியே ஒதுக்கினால் நாங்கள் மட்டுமே சுருங்குகிறோம். அந்த 8 தேவைப்படாமல் போனால் எங்களுக்கு 58 சதவீதத்துக்கு மேல் மிஞ்சும். முதல் தாளில் அந்த வாய்ப்பே இல்லை.

ஆனால் நாங்கள் இன்னும் சீரிஸ் ஏ வரை போகவில்லை. 20, 8 இரண்டும் எங்கள் ஊகம். உடனே பெரிய குழுவைச் சேர்க்க வேண்டியவர்களுக்கு 15 சதவீதம் தேவையாகவும் இருக்கலாம். முதலாமவருக்கு வாடிக்கையாளர் அறிமுகங்களும் அதிகம். அதற்கு எங்கள் எக்செல் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை.

இணை நிறுவனர் மட்டும் உறவினர்களிடம் இன்னும் ‘16 கோடிக்குக் கேட்டார்கள்’ என்றே சொல்லி வருகிறார்.