காலை ஜிம்மா, மாலை ஜிம்மா? வேலை நேரத்தை வைத்து ஒரு கணக்கு

உடம்பை மட்டும் கேட்டால் மாலை என்றுதான் சொல்லும். நாம் வழக்கமாக எழும் நேரத்துக்கு ஓரிரண்டு மணி நேரம் முன்பு உடலின் உள் வெப்பநிலை மிகக் குறைவாக இருக்கும், அதிலிருந்து மெல்ல ஏறி மாலை 5 மணியிலிருந்து 7 மணிக்குள் பெரும்பாலானவர்களுக்கு உச்சத்துக்கு வரும். வித்தியாசம் ஒரு டிகிரி செல்சியஸுக்குள்தான். ஆனாலும் தசை அந்தச் சூட்டில் வேகமாகச் சுருங்குகிறது, மூட்டுகள் லகுவாக இருக்கின்றன, அதனால் மாலையில் 60 கிலோவில் எட்டு முறை சுலபமாகச் செய்யும் ஸ்குவாட் காலையில் ஆறாவது முறையிலேயே கனக்க ஆரம்பித்துவிடும்.

இதைப் படித்துவிட்டு மாலைதான் சரி என்று முடிவெடுப்பவர்கள் நிறைய. நான் அதற்கு அவ்வளவு எடை கொடுக்க மாட்டேன். சில வாரங்கள் தொடர்ந்து காலையிலேயே பயிற்சி செய்தால் உடம்பு அந்த நேரத்துக்குப் பழகி இடைவெளி நன்றாகக் குறைந்துவிடும், வார்ம்-அப்பைக் கூட்டினால் இன்னும் குறையும். மாதக்கணக்கில் பார்த்தால் காலையில் செய்தவர்களுக்கும் மாலையில் செய்தவர்களுக்கும் கூடும் தசையிலும் வலுவிலும் பெரிய வேறுபாடு இல்லை என்றுதான் இதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். போட்டிக்குத் தயாராகிறவர் என்றால் போட்டி நடக்கும் நேரத்தில் பயிற்சி செய்யுங்கள், அது வேறு கதை. மற்றவர்கள் கேட்க வேண்டியது, எந்த நேரம் ஒரு வருடம் கழித்தும் கையில் இருக்கும் என்பது.

காலைப் பயிற்சியைக் கெடுப்பது முந்தின நாள் இரவு. மாலைப் பயிற்சியைக் கெடுப்பது அலுவலகம். இந்த இரண்டில் எது உங்கள் பிடியில் இருக்கிறது என்று பாருங்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். காலை 9:30 முதல் மாலை 6:30 வரை அலுவலகம், ஒரு வழிப் பயணம் 45 நிமிடம், ஜிம் வீட்டிலிருந்து பத்து நிமிடம், வாரம் மூன்று நாள் பயிற்சி. முதலில் மாலையைத்தான் எடுத்தார். 7:15க்கு வீட்டுப் பக்கம் வந்து நேராக ஜிம்முக்குப் போய், 8:30க்கு வீடு, 9 மணிக்குச் சாப்பாடு, 11 மணிக்குப் படுக்கை. காகிதத்தில் அழகான திட்டம், தூக்கமும் குறையவில்லை. மாதக் கடைசி வந்ததும் வேலை 8:30 வரை இழுத்தது. வீட்டுப் பக்கம் வரும்போதே 9:15, அதற்கு மேல் ஜிம்முக்குப் போனால் முடிய 10:15 ஆகும். மாலைப் பயிற்சி பொதுவாகத் தூக்கத்தைக் கெடுப்பதில்லை, ஆனால் மூச்சு வாங்கும் அளவுக்குக் கடுமையாகச் செய்து அது படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தால் தூக்கம் வரத் தாமதமாகலாம். அதனால் அந்த வாரம் மூன்று நாளும் போயிற்று. அதைவிடப் பெரிய நஷ்டம் அடுத்த வாரம்தான், ஏனென்றால் விட்டுப்போன பிறகு திங்கட்கிழமை மறுபடி தொடங்குவதற்கு மனசு வராது. ஒவ்வொரு மாதமும் இதே கதை.

அப்புறம் காலைக்கு மாற்றிக் கணக்குப் போட்டோம், பின்னாலிருந்து. 8:45க்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், குளியலுக்கும் சாப்பாட்டுக்கும் 45 நிமிடம், அதாவது 8 மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும். பயிற்சி 55 நிமிடம், போக வர 20 நிமிடம். அப்படியென்றால் 6:45க்குக் கிளம்ப வேண்டும், 6 மணிக்கு எழ வேண்டும். ஏழரை மணி நேரத் தூக்கம் வேண்டுமென்றால் 10:30க்குத் தூங்கியிருக்க வேண்டும், 10:15க்குப் படுக்கை. மாலை 7:15க்கு வீடு வருபவருக்கு மூன்று மணி நேரம் மிச்சம், சமாளிக்கலாம். அவரால் 11:30க்கு முன் படுக்க முடியாது என்று இருந்திருந்தால் காலை வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். ஆறு மணி நேரச் சொச்சம் மட்டும் தூங்கிவிட்டு வாரம் மூன்று காலை செய்வதை விட, நன்றாகத் தூங்கி வாரம் இரண்டு மாலை செய்வது மேல். தூக்கம் போதவில்லை என்பது வெளியே தெரியும்: வார நாட்களில் அலாரத்தை மூன்று தடவை தள்ளிவைப்பீர்கள், விடுமுறையில் இரண்டு மூன்று மணி நேரம் கூடுதலாகத் தூங்குவீர்கள், தூக்கும் எடை வாரக்கணக்கில் ஏறாமல் அப்படியே நிற்கும்.

அவர் இப்போது வார நாட்களில் இரண்டு காலையும் சனிக்கிழமை ஒரு மாலையும் செய்கிறார். கனமான டெட்லிஃப்டும் ஸ்குவாட்டும் சனிக்கிழமைக்குப் போய்விட்டன, மாதக் கடைசியில் ஒரு காலையை மட்டும் வீட்டிலேயே 25 நிமிடத்தில் முடித்துக்கொள்கிறார். டெட்லிஃப்டை மாற்றியதற்குக் காரணம் உண்டு. இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது முதுகெலும்புத் தட்டுகள் நீரை உறிஞ்சிச் சற்று உப்பியிருக்கும், எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் அதில் பெரும்பகுதி வடியும். அதற்குள் குனிந்து பாரம் தூக்கினால் முதுகுக்கு இழுவை அதிகம். காலையில்தான் தூக்கியாக வேண்டும் என்றால் எழுந்து ஒரு மணி நேரமாவது விட்டு, தள்ளும் பயிற்சிகளை முதலில் வைத்து, டெட்லிஃப்டைக் கடைசியில் வையுங்கள். வார்ம்-அப்பும் மாலையில் ஐந்து நிமிடம் போதுமென்றால் காலையில் பன்னிரண்டு பதினைந்து நிமிடம் ஆகும், லேசாக வியர்க்கும் வரை.

மாலைக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் களைப்பு. நாற்காலியில் உட்கார்ந்து மீட்டிங்கிலேயே நாள் போனவருக்கு வரும் களைப்பு பெரும்பாலும் தலையில் இருக்கிறது, கால்களில் இல்லை. பத்து நிமிடம் செய்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று போய்ப் பாருங்கள், வார்ம்-அப் எடை வழக்கமான வேகத்தில் ஏறினால் உடம்பில் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம், தொடரலாம். வெறும் கம்பியே கனத்தால் எடையைக் குறைத்து முடித்துவிடுங்கள். நாள் முழுக்க நின்றோ சுமந்தோ வேலை செய்கிறவருக்கு இந்தச் சோதனை பெரும்பாலும் எதிராகத்தான் வரும், அவருக்கு வேலைக்கு முன்போ விடுமுறை நாளிலோ செய்வதுதான் நியாயம். மதியம் 1 மணிக்குச் சாப்பிட்டவர் 7 மணிக்கு ஜிம்முக்குப் போகிறார் என்றால் நடுவில் 5:30 வாக்கில் ஏதாவது சிறிதாகச் சாப்பிட வேண்டும், பசியைக் களைப்பு என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் அதிகம். ஜிம் பையை அலுவலகத்துக்கே எடுத்துப் போங்கள், இடையில் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்தால் எழுவது கஷ்டம்.

ஷிஃப்டு மாறும் வேலையில் கடிகாரத்தை விட்டுவிட்டு, எழுந்ததிலிருந்து இத்தனை மணி நேரம் கழித்து என்று வைத்துக்கொள்வது எளிது.

இன்னும் குழப்பம் இருந்தால் நான்கு வாரம் எழுதிப் பாருங்கள், அதில் ஒன்று வேலை அதிகமான வாரமாக இருக்கட்டும். இரண்டு வாரம் காலை, இரண்டு வாரம் மாலை, திட்டமிட்ட நாள், நடந்ததா இல்லையா, நடக்கவில்லையென்றால் ஏன் என்று ஒரு வரி. காலையில் தூக்கிய எடையையும் மாலையில் தூக்கியதையும் தனித்தனியாகக் குறியுங்கள், இல்லையென்றால் மாலையிலிருந்து காலைக்கு மாறிய முதல் வாரத்தில் எடை குறைந்ததைப் பார்த்து வலு போய்விட்டது என்று பயந்து விட்டுவிடுவீர்கள். தவறிய நாட்களுக்கான காரணங்களில் ‘வேலை முடியவில்லை’ அதிகமா, ‘எழ முடியவில்லை’ அதிகமா என்று எண்ணினால் போதும். முதலாவது அதிகமென்றால் காலைக்கு மாறுங்கள், இரண்டாவது என்றால் ஒரு வாரத்துக்குச் சற்று முன்னதாகவே படுத்துப் பார்த்து, அது முடியாவிட்டால் மாலையிலேயே இருந்துவிடுங்கள்.