மாவு பாக்கெட்டில் இளஞ்சிவப்புப் புள்ளி: ‘போட்டோ அனுப்புங்கள்’ என்ற கடைக்காரர்

எங்கள் தெருமுனை மாவுக்கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அங்கே வாங்கிய ஒரு கிலோ இட்லி மாவு பாக்கெட்டைப் பிரித்தபோது, மாவுக்கு மேலே இருந்த உறையின் மடிப்புகளில் இளஞ்சிவப்பாக ஏதோ தீற்றியிருந்தது. மாவின் மேல்பரப்பிலும் ஓரத்தையொட்டி, கடுகைவிடச் சிறிய பளபளப்பான புள்ளிகள். கடைக்குப் போன் செய்தேன். “போட்டோ அனுப்புங்கள் அக்கா, பார்க்கிறேன்” என்றார். அனுப்பினேன். “அது வெந்தயம் அக்கா. உங்கள் வீட்டு விளக்கு வெளிச்சத்தில் அப்படித் தெரிகிறது. கரண்டியால் எடுத்துப் போட்டுவிட்டு ஊற்றுங்கள்.”

வெந்தயம் எந்த ஊரில் இளஞ்சிவப்பாக இருக்கிறது? ஆனாலும் வெளிச்சத்தைப் பற்றி அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. சமையலறையின் மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் வெள்ளை மாவே பழுப்பேறித் தெரியும். அந்தச் சந்தேகத்தில் நுழைந்துதான் அவர் நழுவப் பார்த்தார். காலையில் ஜன்னலோரம் வைத்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளும் தெரியும்படி மறுபடி எடுத்தேன். தாள் படத்தில் வெள்ளையாகவே விழுந்தால் புள்ளியின் நிறத்தையும் நம்பலாம். தாள் மஞ்சளடித்தால் அந்தப் படத்தை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. போன் தானாகச் செய்யும் அழகூட்டலையும் அணைத்துவிட வேண்டும்.

வெந்தயத் துணுக்கும் உளுந்துத் தோலும் பழுப்பாகவோ கறுப்பாகவோ, ஒழுங்கற்ற ஓரத்துடன் மாவு முழுக்கக் கலந்திருக்கும். கிளறினால் அடியிலிருந்தும் வரும். கெட்டுப்போனதன் அடையாளம் வேறு. இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறம் தரும் ஈஸ்ட், பாக்டீரியா, பூஞ்சை எல்லாம் பெரும்பாலும் காற்றுப்படும் இடத்தில்தான் நிறம் காட்டும். அதனால் மேல்பரப்பு, பாத்திர விளிம்பு, உறையின் மடிப்பு ஆகியவற்றில் வட்டமாகவும் வழவழப்பாகவும் தெரியும். விரலால் தேய்த்தால் நிறம் தீற்றும். மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுத்த இரண்டு படங்களில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்துவிடும். மேல்பரப்பு காய்ந்து லேசாகச் சாம்பல் பூத்திருந்தால், பஞ்சுபோல் எதுவும் இல்லாதவரை அதற்காகப் பயப்பட வேண்டாம். கேழ்வரகு, சிவப்பரிசி மாவு முழுக்கச் சீராக நிறம் கொண்டிருப்பது இயல்பு. புள்ளி புள்ளியாக இருந்தால்தான் சந்தேகம்.

கரண்டியால் எடுத்துவிட்டு ஊற்றச் சொன்னாரே, அதை மட்டும் கேட்காதீர்கள். ஈர மாவில் கண்ணுக்குத் தெரிவது மேலே நிறமேறிய பகுதி மட்டும். கிருமி அதற்கு அப்பாலும் பரவியிருக்கும். ஆவியில் வேகும்போது கிருமி செத்தாலும், சில பூஞ்சைகள் உண்டாக்கும் நச்சு அந்தச் சூட்டில் அழியாது. அதில் ஒரு கரண்டியும் சமையலுக்கு ஆகாது.

அந்த மாவு கடுமையாகப் புளித்தும் இருந்தது. ஆனால் அதைப் படத்தைக் காட்டி நிரூபிக்க முடியவில்லை. பொங்கி அடங்கிய மாவு உறையில் ஒரு கோடு விட்டிருக்கும். மேலே கலங்கிய நீர் பிரிந்து நிற்கும். நுரை உடைந்து தட்டையாகிவிடும். ஆனால் நல்ல மாவும் வழியில் குலுங்கினால் அடங்கிப்போகும், ஃபிரிட்ஜில் நின்றால் நீர் பிரியும். புளிப்புக்கு மூக்கும் நாக்கும்தான் சாட்சி. புளிப்பு மட்டுமே குறை என்றால் மாவு கெட்டதாகாது. கொஞ்சம் அரிசி மாவும் வெங்காயமும் சேர்த்து ஊத்தப்பமோ குழிப் பணியாரமோ சுடலாம். புளிப்போடு அழுகல் வாடையோ நிறப்புள்ளியோ சேர்ந்தால் அந்தச் சலுகை கிடையாது.

ஜன்னலோரப் படம் இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. சாய்வாக விழுந்த வெளிச்சத்தில் தேதி ஒட்டுச்சீட்டின் அடியில் இன்னொரு சீட்டின் விளிம்பு புடைத்துத் தெரிந்தது. நகத்தால் உரித்தேன். அடியில் பழைய தேதி! இரண்டு சீட்டும் தெரியும்படி எடுத்து அனுப்பியதும் வெந்தயக் கதை நின்றுபோனது. “பையன் மாற்றி ஒட்டிவிட்டான் அக்கா, பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார். அதே அடுக்கிலிருந்த மற்ற பாக்கெட்டுகளைப் பற்றிக் கேட்டேன். பதில் வரவில்லை.

பணத்தை வாங்கிக்கொண்டேன், புகாரும் கொடுத்திருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் சொல்லலாம். புகாரில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உணவு உரிம எண்ணையும் குறிப்பிடுங்கள். உறையில் அது அச்சாகியிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். புகார் கொடுப்பதாக இருந்தால் கெட்ட மாவையும் உறையையும் அவசரப்பட்டு எறிந்துவிடாதீர்கள். இரண்டையும் சேர்த்து இறுகக் கட்டி, மற்ற உணவில் படாமல் ஃபிரிட்ஜில் தனியாக வையுங்கள். அதிகாரி கேட்டால் எடுத்துக் கொடுக்க அதுதான் வேண்டும்.