தாலி கட்டிய படம் இல்லாத ஆல்பம்: நுகர்வோர் ஆணையமா, சிவில் கோர்ட்டா?

மூத்த மகள் கல்யாணத்துக்கு ஒரு ஸ்டூடியோவுக்கு 1,40,000 ரூபாய் கொடுத்தோம். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க லிங்க் வந்தபோதுதான் தெரிந்தது: ஊஞ்சலுக்கு அடுத்த படமே பந்தி. நடுவில் முகூர்த்தம் முழுக்கக் காணோம். "கார்டு கரப்ட் ஆயிடுச்சு சார்" என்றார்கள். கேமராவில் இரண்டு கார்டு போட வழி இருந்தும் ஒன்றைத்தான் போட்டிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. தாலி கட்டியதற்கு எங்களிடம் மிஞ்சியது மச்சினன் போனில் எடுத்த ஒரே படம். அதிலும் பாதியை மறைத்தது அந்த வீடியோகிராபரின் முழங்கைதான்.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது சமரசம். அட்வான்ஸ் 70,000 ரூபாயைத் திருப்பித் தருகிறோம், வெளியே வைத்து ஒரு இலவச ஷூட் எடுத்துத் தருகிறோம் என்றார்கள். அதற்கு ஈடாக, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு தாளில் கையெழுத்து வேண்டுமாம். போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சின்னக் குறைக்கு அது போதும். எங்கள் குறை சின்னதல்ல.

இரண்டாவது சிவில் வழக்கு. நண்பரான வக்கீல் ஒருவர் அதைத்தான் சொன்னார். வழக்குப் போட மூன்று வருட அவகாசம் உண்டு, ஆணையத்திலோ இரண்டே வருடம். சாட்சிகளை நிதானமாகக் குறுக்கு விசாரணை செய்யவும் முடியும். ஆனால் ஐந்து லட்சம் கேட்டால், தமிழ்நாட்டில் 3 சதவீதம் வீதம் 15,000 ரூபாய் கோர்ட் ஃபீஸ். மூன்றாவதான மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம், நாம் கேட்கும் தொகையைப் பார்த்து அல்ல, சேவைக்குக் கொடுத்த தொகையைப் பார்த்து. அது ஐந்து லட்சத்துக்குள் என்றால் ஒரு பைசா கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. ஸ்டூடியோ வேறு ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம்.

ஆனாலும் நான் ஆணையத்துக்குப் போனது காசுக்காக அல்ல. மன உளைச்சல் என்ற ஒரே தலைப்புக்காக. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, ஒப்பந்த மீறலால் இயல்பாக விளையும் இழப்பைத்தான் கணக்கில் எடுக்கிறது. சாதாரண வணிக ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவின்படி மன வேதனைக்கு இழப்பீடு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் காசியாபாத் வளர்ச்சி ஆணைய வழக்கில் சொல்லிவிட்டது. நுகர்வோர் ஆணையங்கள் மன உளைச்சலுக்கும் இழப்பீடு தரலாம் என்பதை 1993-லேயே லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் அதே நீதிமன்றம் ஏற்றிருந்தது. படம் போனதில் எனக்குப் பணமாக என்ன நஷ்டம்? கொடுத்த தொகைதான். மற்றதெல்லாம் மனசு. அதைக் கணக்கிலேயே சேர்க்காத இடத்துக்கு ஏன் போக வேண்டும்?

(ஸ்காட்லாந்தில் 1971-இலேயே, கல்யாணத்துக்கு வராமல் போன புகைப்படக்காரர் மணப்பெண்ணின் வருத்தத்துக்கு 30 பவுன் தர வேண்டும் என்று தீர்ப்பானது.)

'மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளானோம்' என்று ஒரு வரி எழுதி விட்டுவிடாதீர்கள். அதை எல்லோரும் எழுதுகிறார்கள். நாங்கள் பிரமாண வாக்குமூலத்தில் எந்தச் சடங்குக்குப் படம் இல்லை என்று நேரத்தோடு வரிசைப்படுத்தினோம். அட்சதை போட்ட என் அம்மா மூன்று மாதத்தில் காலமானதற்கு இறப்புச் சான்றிதழ் வைத்தோம். எஸ்டிமேட், வங்கிப் பரிமாற்றம், 'கார்டு கரப்ட்' என்று அவர்களே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாம் போயின. அந்தச் செய்திதான் அவர்களை மடக்கியது. எதிர்த்தரப்பு 45 நாளுக்குள் பதில் போடாவிட்டால் அந்த உரிமையே போய்விடும். இவர்கள் 40-ஆவது நாளில் போட்டார்கள்.

ஐந்து லட்சம் கேட்டோம். கொடுத்த 1,40,000 ரூபாயும் திரும்பியது, மன உளைச்சலுக்கு 75,000, செலவுக்கு 10,000. பதினாறு மாதம் ஆனது. சட்டம் மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்கச் சொல்கிறது, அதை நம்பி உட்காராதீர்கள். கேட்டதில் பாதி வந்தாலே நல்ல நாள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சமையல் கான்ட்ராக்டர் விஷயம் கொஞ்சம் வேறு. இதில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை. மூன்றாம் பந்தியில் சாப்பாடு தீர்ந்து ஹோட்டலில் வாங்கினால் பில் கையில் இருக்கும். அந்தக் கூடுதல் செலவை சிவில் கோர்ட்டும் தரும், ஆணையமும் தரும். பசியோடு திரும்பிய சம்பந்தி வீட்டார் முன் நின்ற அவமானத்துக்குத்தான் மறுபடி ஆணையத்தை நாட வேண்டும்.

உத்தரவு வந்தும் ஸ்டூடியோ நாலு மாதம் அசையவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 72-ஆம் பிரிவில் மனு போட்டோம். உத்தரவை மதிக்காவிட்டால் ஒரு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை என்று சொல்லும் பிரிவு அது. நோட்டீஸ் போன அடுத்த வாரம் செக் வந்தது.