ரேஷியோ டெஸ்ட்டா ரூட் டெஸ்ட்டா: ரேடியஸுக்கு எது, எண்ட்பாயிண்ட்டுக்கு எது

பவர் சீரீஸ் கணக்குன்னு வந்தாலே பசங்க முதல்ல கேக்குறது இதான், ரேஷியோ போடவா ரூட் போடவா. பேப்பர் திருத்தும்போது நான் பாக்குற தப்புல பாதிக்கு மேல அந்த சாய்ஸ்ல வர்றதே இல்ல, எண்ட்பாயிண்ட்லதான் வருது. ரேடியஸ் வரைக்கும் அழகா வந்துட்டு கடைசி ரெண்டு புள்ளியில மார்க்கை விட்டுட்டுப் போயிடுறாங்க. அதனால ரெண்டு டெஸ்ட்டையும் ரேடியஸ்ல மட்டும் இல்லாம எண்ட்பாயிண்ட் வரைக்கும் கூட்டிட்டுப் போய் ஒப்பிட்டுப் பாக்கலாம்னு எழுதுறேன்.

இந்த சீரீஸை எடுத்துக்கோங்க, n 1-ல இருந்து ஆரம்பம்:

```
Σ n! x^n / n^n
```

ரேஷியோ டெஸ்ட் போட்டா அடுத்த டெர்மை இந்த டெர்மால வகுக்கணும். (n+1)! மேல இருக்கு, n! கீழ இருக்கு, அடிபட்டு n+1 மட்டும் மிச்சம். கீழ (n+1)^(n+1) இருக்குல்ல, அதுல ஒரு n+1 இதோட அடிபட்டுடும். கடைசியா நிக்கிறது |x| · (n/(n+1))^n. இதோட லிமிட் |x|/e. அது 1-க்கு கீழ இருக்கணும்னா |x| < e, அவ்வளவுதான், ரேடியஸ் e. மூணு வரியில முடிஞ்சிடுச்சு.

இதையே ரூட் டெஸ்ட்ல போடுங்க. n^n-க்கு n-வது மூலம் n, x^n-க்கு |x|, இதெல்லாம் சுலபம். ஆனா n!-க்கு n-வது மூலம் என்ன? அங்கதான் கை நிக்கும். ஸ்டர்லிங் ஃபார்முலா தெரிஞ்சா (n!)^(1/n) / n போகப்போக 1/e-க்கு வரும்னு சொல்லிடலாம், தெரியாட்டி கஷ்டம்தான். கால்குலேட்டர்ல போட்டுப் பாத்தாலும் ரூட் மெதுவாதான் வருது. 1/e-ன்னா 0.3679. n = 10-ல ரேஷியோ 0.3855 காட்டுது, ரூட் 0.4529 காட்டுது. n = 100-ல ரேஷியோ 0.3697-க்கு வந்துடுச்சு, ரூட் இன்னும் 0.3799-ல நிக்குது. ஃபேக்டோரியல் கண்ணுல பட்டா ரேஷியோதான், இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது.

அப்போ ரூட் எதுக்கு இருக்குன்னா, இந்த மாதிரி ஒண்ணுக்கு:

```
Σ (3 + (-1)^n)^n x^n
```

கோஎஃபிஷியண்ட்டை எழுதிப் பாருங்க: 2, 16, 8, 256, 32, 4096. பக்கத்துப் பக்கத்துல வகுத்தா 8, அப்புறம் 1/2, அப்புறம் 32, அப்புறம் 1/8, அப்புறம் 128. ஒரு பக்கம் ஏறிட்டே போகுது, இன்னொரு பக்கம் இறங்கிட்டே போகுது, லிமிட்னு ஒண்ணு இல்லவே இல்ல. ரேஷியோ டெஸ்ட் இங்க தப்பா பதில் சொல்லாது, பதிலே சொல்லாது. பசங்க இங்க பண்றது என்னன்னா லிமிட் இல்லைன்னா சீரீஸ் டைவர்ஜ்னு எழுதிடுறாங்க, அப்படி இல்லவே இல்ல, டெஸ்ட் கை விரிச்சுடுச்சுன்னுதான் அர்த்தம்.

ரூட் போட்டா 2, 4, 2, 4, 2, 4. இதுக்கும் லிமிட் இல்லதான், ஆனா ரூட்டுக்கு லிமிட் தேவையில்ல, லிம்சூப் போதும். எவ்வளவு தூரம் போனாலும் திரும்பத் திரும்ப தொட்டுக்கிட்டே இருக்குற உச்ச அளவு எதுவோ அது, இங்க 4. ரேடியஸ் 1/4. கோஷி 1821-லயே இதைச் சொல்லிட்டாரு, ஹாடமார்ட் 1888-ல மறுபடி கண்டுபிடிச்சாரு, அதனாலதான் ரெண்டு பேர் பேரையும் சேத்து கோஷி-ஹாடமார்ட் ஃபார்முலான்னு சொல்றோம். இந்த ஃபார்முலா எந்த பவர் சீரீஸுக்கும் ரேடியஸ் குடுக்கும், விதிவிலக்கு கிடையாது. ரேஷியோவுக்கு லிமிட் இருக்குன்னா ரூட்டுக்கும் அதே லிமிட்தான் வரும், ஆனா ரூட்டுக்கு லிமிட் இருந்தும் ரேஷியோவுக்கு இல்லாம போகலாம். அதனால பலம்னு பாத்தா ரூட்தான் பெரியவர், கைக்கு அடங்குறதுன்னு பாத்தா ரேஷியோ.

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன். லிமிட் இருக்குற சீரீஸ்ல எண்ட்பாயிண்ட்ல ரெண்டு டெஸ்ட்டும் 1-ன்னுதான் காட்டும். நிறைய பேர் இதை ஏதோ நம்ம கணக்குல துரதிர்ஷ்டவசமா அமைஞ்ச மாதிரி நினைக்கிறாங்க. அப்படி இல்லைங்க, லிமிட்டை 1-க்கு சமமா வச்சுதானே அந்த எண்ட்பாயிண்ட்டையே கண்டுபிடிச்சோம், திரும்ப அங்கயே போய் அதே லிமிட்டைக் கேட்டா 1-ஐத் தவிர வேற என்ன வரும்? அதனால எண்ட்பாயிண்ட்ல மறுபடி ரேஷியோ லிமிட் போட்டு "1 வருது, முடிவு சொல்ல முடியாது"ன்னு எழுதி விட்டுட்டு வர்றது வீண் வேலை.

ஆனா இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, எனக்கு இந்த டாபிக்லயே ரொம்பப் பிடிச்ச இடம் இதான். லிமிட் 1-னு வந்தா லிமிட்தான் செத்துச்சு, ரேஷியோ சாகல. அது 1-ஐ மேல இருந்து தொடுதா கீழ இருந்து தொடுதான்னு பாக்கணும்.

முதல் சீரீஸுக்கே போவோம், x = e போடுங்க. அடுத்தடுத்த டெர்மோட ரேஷியோ e / (1 + 1/n)^n. இதுல கீழ இருக்குற (1 + 1/n)^n எப்பவுமே e-யை விடச் சின்னது, e-யை நோக்கி ஏறிட்டே இருக்கும், ஆனா தொடாது. அப்போ ரேஷியோ ஒவ்வொரு தடவையும் 1-ஐ விடக் கொஞ்சம் பெருசு. அதாவது டெர்ம்ஸ் ஏறிட்டே போகுது: 2.718, 3.695, 4.463, பத்தாவது டெர்ம் வரும்போது கிட்டத்தட்ட 8. டெர்மே பூஜ்யத்துக்குப் போகலைன்னா சீரீஸ் எங்க கன்வெர்ஜ் ஆகும்? டைவர்ஜ். லிமிட் 1-னு வந்த அதே ரேஷியோவே ஒரே வரியில பதில் சொல்லிடுச்சு.

x = -e-லயும் அதே கதைதான். இங்க குறி மாறி மாறி வருதுன்னு பாத்த உடனே "ஆல்டர்னேட்டிங், அதனால கன்வெர்ஜ்"னு எழுதுறவங்க நிறைய. லைப்னிட்ஸ் டெஸ்ட்டுக்கு குறி மாறினா மட்டும் பத்தாது, டெர்மோட அளவு இறங்கணும், பூஜ்யத்துக்கும் போகணும். இங்க ரெண்டுமே இல்ல. அதனால இன்டர்வெல் (-e, e), ரெண்டு பக்கமும் திறந்தது.

இப்போ கீழ இருந்து 1-ஐத் தொடுற ஒண்ணு பாப்போம். C(2n,n) x^n-ஐ கூட்டுறோம்னு வைங்க, ரேஷியோல ரேடியஸ் 1/4 உடனே வந்துடும். எண்ட்பாயிண்ட்ல டெர்ம் a_n = C(2n,n)/4^n, அதாவது 1/2, 3/8, 5/16, இப்படி. ரேஷியோ (2n+1)/(2n+2), 1-ஐ விடக் கம்மி. சரி, டெர்ம்ஸ் இறங்குது, அவ்வளவுதான் தெரியுது. இறங்குறது மட்டும் வச்சு கன்வெர்ஜ்னு சொல்லிட முடியாது, எவ்வளவு வேகமா இறங்குதுங்கறதுதான் கேள்வி.

அதுக்கு a_n-ஐ பிரிச்சு எழுதணும்:

```
a_n = (1·3·5···(2n-1)) / (2·4·6···(2n))
```

மேல இருக்குற 3-ஐ கீழ இருக்குற 2-ஓட சேருங்க, 5-ஐ 4-ஓட, இப்படியே போனா எல்லாமே 1-க்கு மேல, கடைசியா கீழ 2n மட்டும் தனியா நிக்கும். அப்போ a_n குறைஞ்சது 1/(2n). ஹார்மோனிக் சீரீஸோட பாதி, அது டைவர்ஜ், அதனால x = 1/4-ல இதுவும் டைவர்ஜ்.

x = -1/4-ல குறி மாறுது. அளவு இறங்குதுன்னு ரேஷியோவே சொல்லிடுச்சு. பூஜ்யத்துக்குப் போகுதான்னு மட்டும் பாக்கணும். a_n-ஐ ஸ்கொயர் பண்ணி 1·3/2², 3·5/4²-ன்னு ஜோடி சேத்தா ஒவ்வொண்ணும் 1-க்குக் கீழ, மிச்சம் 1/(2n+1). ஸோ a_n² < 1/(2n+1), பூஜ்யத்துக்குத்தான் போகுது. கன்வெர்ஜ். இன்டர்வெல் [-1/4, 1/4). ரேஷியோ வேலையை முடிக்கல, ஆனா பாதி வேலையை அதான் பண்ணுச்சு, "இறங்குது"ங்கறதை ஓசியில குடுத்துடுச்சு. ரூட்டை வச்சு இதைக் கேட்டா a_n^(1/n) 1-க்கு வருதுங்கறதைத் தவிர டெர்ம் ஏறுதா இறங்குதான்னு நேரா தெரியாது. எண்ட்பாயிண்ட்ல என் ஓட்டு ரேஷியோவுக்குத்தான், லிமிட்டுக்கு முன்னாடி இருக்குற ரேஷியோவுக்கு.

இன்னொரு பழக்கம் பத்தியும் சொல்லிடறேன், "ஒரு பக்கம் ஹார்மோனிக், இன்னொரு பக்கம் ஆல்டர்னேட்டிங்"னு மனப்பாடமா எழுதுறது. இதைப் பாருங்க:

```
Σ (x-1)^(2n) / (n · 9^n)
```

ரேஷியோ போட்டா (x-1)²/9 < 1, அதாவது |x-1| < 3. ரேடியஸ் 3, 9 இல்ல. கோஎஃபிஷியண்ட்டை மட்டும் பிடிச்சு வகுத்தவங்க 9-ன்னு எழுதியிருப்பாங்க, x-ஐயும் சேத்து முழு டெர்மா எடுத்து வகுத்தா இந்தத் தப்பே வராது. அப்புறம் எண்ட்பாயிண்ட் -2, 4. 4-ல 3^(2n), -2-ல (-3)^(2n), ரெண்டும் 9^n-தான். ரெண்டு பக்கமும் ஹார்மோனிக், ரெண்டு பக்கமும் டைவர்ஜ், ஆல்டர்னேட்டிங் எங்கயும் வரவே இல்ல. எண்ட்பாயிண்ட்டை உண்மையிலயே x-க்குப் பதிலா வச்சு எழுதிப் பாத்தாதான் இது கண்ணுல படும்.

காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ் படிச்சவங்க கையில மூணாவதா ஒரு வழி இருக்கு. சீரீஸ் எந்த ஃபங்ஷனோடதுன்னு தெரிஞ்சா, சென்டர்ல இருந்து பக்கத்துல இருக்குற சிங்குலாரிட்டி எவ்வளவு தூரமோ அதான் ரேடியஸ். 1/(1+x²)-க்கு நிஜ எண்கள்ல எந்தக் கோளாறும் இல்ல, ஆனா i-யில வெடிக்குது, அதனால ரேடியஸ் 1. x/(e^x - 1)-க்கு பெர்னூலி எண்களை வச்சு ரேஷியோ போட்டு மல்லுக்கட்ட வேண்டாம், ±2πi-ல சிங்குலாரிட்டி, ரேடியஸ் 2π. ரேடியஸுக்கு இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது.

எண்ட்பாயிண்ட்டுக்கு மட்டும் இதை நம்பிடாதீங்க. 1/(1+x) x = 1-ல ஒழுங்கா 1/2-ன்னு நிக்குது, ஆனா அதோட சீரீஸ் அங்க 1 - 1 + 1 - 1, டைவர்ஜ். தலைகீழாவும் நடக்கும்: Σ x^n/n² கூட்டினா வர்ற ஃபங்ஷனுக்கு x = 1-ல சிங்குலாரிட்டி இருக்கு, அங்க போகப்போக அதோட டெரிவேட்டிவ் எல்லையில்லாம ஏறுது, ஆனா சீரீஸ் x = 1-ல சமர்த்தா கன்வெர்ஜ் ஆகி π²/6 குடுக்குது.