பெர்செப்சுவலா, ரிலேட்டிவா? சாஃப்ட் ப்ரூஃப்ல எதை நம்பி பிரின்ட் போடலாம்

மானிட்டர் கேலிபரேட் பண்ணியாச்சு, பேப்பருக்கான ஐசிசி ப்ரொஃபைலும் இன்ஸ்டால் பண்ணியாச்சு, பிரின்ட் எப்படி வரும்னு ஸ்கிரீன்லயே பார்க்கிற சாஃப்ட் ப்ரூஃப்புக்காக இப்ப போட்டோஷாப்ல View > Proof Setup > Custom போனா பேப்பரால போட முடியாத நிறத்தை என்ன பண்ணணும்னு கேட்கிற Rendering Intent னு ஒரு டிராப்டவுன் இருக்கும். நிறைய பேர் அதுல ஏற்கெனவே என்ன இருக்கோ அப்படியே விட்டுட்டு ஓகே அடிச்சிடுறாங்க, அப்புறம் ஸ்கிரீன்ல பார்த்தது ஒண்ணு பேப்பர்ல வந்தது ஒண்ணுன்னு புலம்புறாங்க. அதுல நாலு ஆப்ஷன் இருக்கு. சாச்சுரேஷன்ங்கிறது சார்ட், கிராஃப் மாதிரி விஷயத்துக்கு, அப்சல்யூட்ங்கிறது ஒரு பேப்பரோட நிறத்தை இன்னொரு பேப்பர்ல காட்டிப் பார்க்கிற ப்ரூஃபிங் வேலைக்கு, போட்டோவுக்கு ரெண்டுமே வேண்டாம். மிச்சம் இருக்கிற பெர்செப்சுவல், ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் ரெண்டுக்கும் நடுவுலதான் போட்டி.

ஒரே படத்தை வச்சு பார்ப்போம். அடர் சிவப்புப் பூ ஒண்ணு குளோசப்ல, இதழ்ல மெல்லிசா நரம்பு ஓடுது, பின்னாடி கரும்பச்சை இலை, ஓரத்துல சாம்பல் சுவர் கொஞ்சம். ஃபைல் அடோபி ஆர்ஜிபில இருக்கு, பிரின்ட் ஆகப் போறது மேட் பேப்பர்ல. வேணும்னே கஷ்டமான பேப்பரா எடுத்திருக்கேன். கிளாஸி பேப்பர்ல கறுப்போட அடர்த்தி 2.3 பக்கம் வரும், மேட்ல 1.6 வந்தாலே பெரிய விஷயம், அதாவது பேப்பர் வெள்ளைக்கும் மையோட கறுப்புக்கும் வித்தியாசம் சுமார் 40 மடங்குதான், சாதாரண மானிட்டர்ல அது 1000 மடங்கு. இந்த இடைவெளியை எந்த ஆப்ஷனும் ஒழிக்காது, எங்க வலிக்கணும்னு மட்டும்தான் நீங்க தேர்ந்தெடுக்கிறீங்க.

ரிலேட்டிவ்ல பேப்பரால போட முடியிற நிறம் எல்லாம் பேப்பர் வெள்ளையை வெள்ளையா எடுத்துக்கிட்டு அப்படியே வரும், முடியாத நிறம் மட்டும் எல்லையில இருக்கிற கிட்டத்தட்ட நிறத்துக்கு வெட்டப்படும். நம்ம படத்துல சுவரும் இலையும் பெருசா அசையாது. ஆனா இதழ்ல நரம்பும் அதைச் சுத்தி இருக்கிற சிவப்பும் ரெண்டுமே எல்லைக்கு வெளிய, ரெண்டும் ஒரே இடத்துல போய் விழுந்துடும், நரம்பு காணாம போயி பூ சிவப்பு காகிதம் வெட்டி ஒட்டின மாதிரி ஆயிடும். இதைக் கண்ணால மட்டும் பார்க்காம நம்பரா பார்க்கணும்னா இன்ஃபோ பேனல்ல ரெண்டாவது ரீட்அவுட்டை Proof Color னு மாத்திட்டு நரம்பு மேலயும் பக்கத்துலயும் கர்சரை வைங்க, ஃபைல்ல வேற வேறயா இருந்த ரெண்டு நம்பரும் ப்ரூஃப்ல ஒண்ணாயிடுச்சுன்னா டீடெயில் போச்சுன்னு அர்த்தம்.

பெர்செப்சுவல்ல மொத்த நிறங்களையும் சேர்த்து உள்ள தள்ளுது, அதனால நரம்பு தப்பிக்கும், ஆனா சிவப்பு கொஞ்சம் வெளுக்கும், கூடவே எந்தப் பிரச்சனையும் இல்லாத சாம்பல் சுவரும் இலையும் லேசா மாறும். இங்க ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது, பெர்செப்சுவல் உங்க படத்தைப் பார்த்து முடிவெடுக்கிறதே இல்ல. எவ்வளவு அமுக்கணும்ங்கிறது ப்ரொஃபைல் செஞ்ச சாஃப்ட்வேர் முன்கூட்டியே போட்டு வச்ச டேபிள், உங்க படம் முழுக்க எல்லைக்குள்ள இருந்தாலும் அதே அமுக்கல்தான். அதனாலதான் ஒரே பேப்பருக்கு ரெண்டு சாஃப்ட்வேர்ல செஞ்ச ப்ரொஃபைல் வச்சுப் பார்த்தா ரிலேட்டிவ் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வரும், பெர்செப்சுவல் வேற வேற மாதிரி வரும். (ஆமா, எஸ்ஆர்ஜிபி மாதிரி சின்ன மேட்ரிக்ஸ் ப்ரொஃபைலை டிவைஸா வச்சு ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்து வித்தியாசமே தெரியலைன்னு சொல்றவங்க இருக்காங்க, அதுல வழக்கமா பெர்செப்சுவல் டேபிளே இருக்காது, அப்புறம் எப்படித் தெரியும்.)

ஒப்பிட்டுப் பார்க்க Window > Arrange போயி அதே ஃபைலுக்கு புதுசா ரெண்டு விண்டோ திறங்க, ப்ரூஃப் செட்டிங் விண்டோவுக்கு விண்டோ தனியா இருக்கும், ஒண்ணு ஒரிஜினல், ஒண்ணு ரிலேட்டிவ், ஒண்ணு பெர்செப்சுவல்னு பக்கத்துல பக்கத்துல வச்சுக்கலாம். Preserve Numbers ல டிக் இருக்கக் கூடாது, அது இருந்தா ஃபைலை கன்வெர்ட் பண்ணாம அப்படியே பிரின்டருக்கு அனுப்பினா என்ன ஆகும்ங்கிறதைத்தான் காட்டும், பார்க்கவே பயமா இருக்கும். ஃபைலோட கறுப்பைப் பேப்பரோட கறுப்புக்குப் பொருத்துற பிளாக் பாயின்ட் காம்பன்சேஷன் ஆன்ல இருக்கட்டும், ஆஃப் பண்ணா ரிலேட்டிவ்ல அந்தக் கரும்பச்சை இலை மொத்தமும் ஒரே இருட்டா அடைச்சுக்கும்.

அடுத்த சண்டை Simulate Paper Color ஆனா ஆஃபா. ஆஃப்ல இருந்தா பேப்பரோட வெள்ளை மானிட்டரோட வெள்ளையா நீட்டிக் காட்டப்படும், கறுப்பும் அப்படியே, அதனால நிறம் எங்க வெட்டுப்படுதுன்னு தெரியும், ஆனா மேட் பேப்பரோட சோகை தெரியாது. ஆன் பண்ண உடனே படம் செத்துப் போன மாதிரி இருக்கும், அதைப் பார்த்துட்டு இது வேலைக்கு ஆகாதுன்னு ஆஃப் பண்றவங்கதான் அதிகம். உண்மையில ரெண்டுல பிரின்ட்டுக்குக் கிட்ட இருக்கிறது ஆன்ல இருக்கிறதுதான், பிரச்சனை நம்ம கண்ணு. ஸ்கிரீன்ல வேற எங்கயாவது பளிச்னு வெள்ளை இருந்தா கண்ணு அதையே வெள்ளைன்னு புடிச்சுக்கும், பேப்பர் வெள்ளை அழுக்கா தெரியும். வேற விண்டோ எல்லாம் மூடி ஃபுல் ஸ்கிரீன் போட்டு, டிக் அடிக்கும்போது வேற பக்கம் பார்த்துட்டு கொஞ்ச நேரம் கழிச்சு திரும்பிப் பாருங்க, படம் ஓரளவு உயிரோட இருக்கும். நான் வெட்டுப்படுற நிறத்தை ஆஃப்ல சரி பண்ணுவேன், கான்ட்ராஸ்ட்டை ஆன்ல வச்சு முடிவு பண்ணுவேன்.

இந்தப் பூவுக்கு என் ஓட்டு ரிலேட்டிவ்தான், ஆனா சும்மா இல்ல. ப்ரூஃப் ஆன்ல இருக்கும்போதே ஒரு ஹ்யூ/சாச்சுரேஷன் லேயர் போட்டு, ரெட்ஸ் மட்டும் செலக்ட் பண்ணி, இதழுக்கு மாஸ்க் போட்டு, நரம்பு திரும்பி வர்ற வரைக்கும் சாச்சுரேஷனை மெதுவா இறக்குவேன், -10 பக்கத்துல ஆரம்பிச்சு பார்க்கலாம். அந்த இன்ஃபோ பேனல் நம்பர் ரெண்டும் மறுபடி பிரியுதா, அதோட நிறுத்திடணும். இதுல சுவர் மேல கை வைக்கவே இல்ல, பெர்செப்சுவல்ல அது முடியாது. Ctrl+Shift+Y அடிச்சா எல்லை தாண்டின நிறத்தை எல்லாம் சாம்பலா மூடிக் காட்டுற கேமட் வார்னிங் வரும், அந்தச் சாம்பலே இல்லாம ஆக்குறேன்னு மெனக்கெட வேண்டாம், எல்லையை மயிரிழை தாண்டினதும் மைல் கணக்கா தாண்டினதும் அதுக்கு ஒரே சாம்பல்தான். படம் முழுக்கவே அடர் நிறம், நாப்பது இடத்துல மாஸ்க் போடணும்னா பேசாம பெர்செப்சுவல் போட்டுட்டு கான்ட்ராஸ்ட் கொஞ்சம் ஏத்திக்கோங்க. அடர் நீலம் அதிகமா இருக்கிற படத்துல மட்டும் ரெண்டையும் கண்டிப்பா பாருங்க, சில ப்ரொஃபைல்ல நீலத்தை உள்ள தள்ளும்போது ஊதா பக்கம் சாஞ்சிடும்.

எது எடுத்தாலும் பிரின்ட் டயலாக்லயும் அதே இன்டென்ட், அதே பிளாக் பாயின்ட் டிக் வைக்கணும், இல்லன்னா இவ்வளவு நேரம் பார்த்தது வேற படம். முழு சைஸ் போடுறதுக்கு முன்னாடி பூவும் சுவரும் சேர்ந்து வர்ற மாதிரி ஒரு சின்ன துண்டு பிரின்ட் எடுத்து நல்ல வெளிச்சத்துல பாருங்க. நிறம் சரியா இருந்து மொத்தமா இருட்டா வந்தா இன்டென்ட்டைக் குத்தம் சொல்லாதீங்க, மானிட்டர் பிரைட்னஸ் அதிகம், 80ல இருந்து 120 கேன்டெலாவுக்குள்ள கொண்டு வாங்க. மொத்தமா மெஜந்தா அடிச்சு வந்தா பெரும்பாலும் போட்டோஷாப்பும் பிரின்டர் டிரைவரும் ரெண்டு பேருமே கலர் மேனேஜ் பண்ணியிருப்பாங்க, டிரைவர்ல அதை ஆஃப் பண்ணிட்டு அதே துண்டை மறுபடி போடுங்க.